நாங்கள் போட்ட பூச்சியம்

முதல் றிப்போர்ட்டில் நாங்கள் ஒரு பிள்ளைக்கு 0 போட்டோம். வரவேற்புக்கு. காரணம் என்று கேட்கிற பெட்டிக்குள்ளே "ஊழியர் எங்களைக் கவனிக்கவில்லை" என்று எழுதினோம். எழுதி முடித்து, பில்லின் படத்தையும் இணைத்து அனுப்பிவிட்டு, போய் கொத்து சாப்பிட்டோம். அவ்வளவுதான் வேலை என்று நினைத்தோம்.

மிஸ்ட்ரி ஷொப்பர் என்ற வேலை எங்களில் ரெண்டு பேருக்கு ஒரு நண்பன் வழியாக வந்தது. சாதாரண வாடிக்கையாளர் மாதிரி ஒரு கடைக்குப் போக வேண்டும். சொன்ன கேள்விகளைக் கேட்க வேண்டும், சின்னதாக ஒரு பொருள் வாங்க வேண்டும், பிறகு கடைக்குப் புள்ளி போட வேண்டும். வாங்கிய பொருளுக்கான காசை ஓர் எல்லை வரைக்கும் திருப்பித் தருவார்கள். அதோடு ஒரு சிறு தொகையும் வரும். கண்டிக்குள்ளே பஸ்ஸுக்கும் டீக்கும் போக கொஞ்சம் மிஞ்சும். எந்தக் கடை என்று வெளியே சொல்லக்கூடாது என்பது உடன்பாடு, அதனால் இங்கேயும் பெயர் இல்லை. பாத்திரம், மின்சாரப் பொருள், உடுப்பு எல்லாம் ஒரே கூரைக்குள்ளே விற்கிற கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். இந்த வேலையின் பெயரில் மோசடி நிறைய. சேர்வதற்கு உங்களிடம் காசு கேட்டால், அல்லது "முதலில் நீங்கள் வாங்குங்கள், பிறகு பெரிய தொகை தருவோம்" என்று வொட்ஸ்அப்பில் யாராவது வந்தால், அது வேலை இல்லை. உண்மையான கொம்பனி உங்களிடமிருந்து ஒரு சதமும் வாங்காது.

திரும்ப அந்தப் பூச்சியத்துக்கு வருவோம்.

எங்கள் தெருவிலிருந்து தினமும் காலை 7.30 பஸ்ஸில் டவுனுக்கு வேலைக்குப் போகிற ஒரு அக்கா இருக்கிறார். அவர் வேலை செய்வது வேறு கடை, ஆனால் அங்கேயும் இதே முறைதான். ஒருநாள் பஸ்ஸில் பேசிக்கொண்டு வரும்போது சொன்னார். "இந்த மாசம் இன்சென்டிவ் போயிருச்சு. யாரோ மிஸ்ட்ரி ஷொப்பர் வந்துட்டுப் போயிருக்காங்க. 80க்குக் கீழ வந்தா கடையில எல்லாருக்கும் கட்." பிறகு சொன்னதுதான் எங்களைக் குத்தியது. "அன்னைக்கி நான் ஏணி மேல நின்னு பெட்டி இறக்கிக்கிட்டு இருந்தேன். கையில பெட்டிய வச்சுக்கிட்டு எப்படிங்க கும்பிடுறது?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏனென்றால் நாங்கள் 0 போட்ட பிள்ளையும் ஏதோ செய்துகொண்டுதான் இருந்தது. என்ன செய்தது என்று எங்களுக்கு நினைவே வரவில்லை. றிப்போர்ட்டை எழுதியது மறுநாள் இரவு. "கவனிக்கவில்லை" என்பது நாங்கள் கண்ணால் பார்த்தது இல்லை, நாங்களாக முடிவு கட்டியது. கண்ணால் பார்த்தது, "30 செக்கன்டுக்குள் யாரும் பேசவில்லை" என்பது மட்டும்தான். இந்த ரெண்டுக்கும் நடுவில்தான் ஒருவரின் சம்பளத்தின் ஒரு துண்டு கிடக்கிறது.

1940களில் அமெரிக்காவில் வில்மார்க் என்ற நிறுவனம்தான் இந்தப் பெயரைப் பரப்பியது என்று இத்துறையில் சொல்வார்கள். அப்போது வேலை சிரிப்பை அளப்பது இல்லை. கடையிலும் வங்கியிலும் வேலை செய்கிறவர்கள் களவெடுக்கிறார்களா என்று பார்ப்பது. பிறகுதான் அது "வாடிக்கையாளர் அனுபவம்" ஆகியது. ஆனால் வேவு பார்க்கிற அந்தப் பழைய வாசம் முழுசாகப் போகவில்லை. படிவத்தைக் கையில் எடுத்தவுடனே நமக்குள்ளே ஒரு சின்ன பொலிஸ்காரர் முளைத்துவிடுகிறார்.

ரெண்டாவது கடை கிடைத்தபோது அந்தப் பொலிஸ்காரரை வீட்டில் விட்டுவிட்டுப் போவது என்று முடிவு செய்தோம். அந்த ஒரு விசிட்டை முழுசாகச் சொல்கிறோம்.

படிவம் 100 புள்ளிக்கு. வரவேற்பு 20, பொருளறிவு 30, பில் போடுதல் 30, சுத்தம் 20. ஒவ்வொன்றுக்கும் கீழே சில கேள்விகள், ஆம் அல்லது இல்லை. அரைப் புள்ளி கிடையாது. ஆம் என்றால் முழுப் புள்ளி, இல்லை என்றால் பூச்சியம். பக்கத்தில் "விளக்கம்" என்று ஒரு பெட்டி. முதல் தடவை நாங்கள் அதில் ஒரு வரிதான் எழுதினோம். உண்மையில் றிப்போர்ட்டின் உயிரே அந்தப் பெட்டிதான்.

சனிக்கிழமை, கண்டி டவுன். மத்தியானம் பிடித்த மழை விட்டு அரை மணித்தியாலம்கூட இல்லை. கடைக்குள்ளே நோட்டுப் புத்தகம் எடுத்தால் பிடிபட்டுவிடுவோம். அதனால் ஒருவர் பேசுவது, மற்றவர் போனில் யாருக்கோ மெசேஜ் போடுவது மாதிரி நேரங்களை எழுதுவது என்று பிரித்துக்கொண்டோம். போனில் ஒவ்வொரு மெசேஜுக்கும் நேரம் தானாக விழுந்துவிடும். கடைசியில் பில்லிலும் நேரம் அடித்திருக்கும். ரெண்டும் ஒத்துப்போனால் யாரும் எங்களைக் கேள்வி கேட்க முடியாது.

4.10க்கு உள்ளே போனோம். வாசலில் ஈரம். சேற்றுக் காலடிகள். ஒரு பிள்ளை கையில் பெரிய பெட்டியோடு குறுக்கே போனது. எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டியது, பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பி வந்தது. தலையாட்டினது 22ஆவது செக்கன்டில். நாங்கள் கண்டியில் எந்தக் கடைக்குப் போனாலும் பழக்கமாகச் சிங்களத்தில்தான் ஆரம்பிப்போம். அன்றைக்கும் அப்படித்தான். அது எங்கள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னது: "வாங்க, மழையில நனைஞ்சிட்டீங்களா?"

படிவத்தில் வரவேற்புக்கு நாலு கேள்வி. 30 செக்கன்டுக்குள் கண்ணாலோ வார்த்தையாலோ கவனித்தாரா: 8. முகம் பார்த்துச் சிரித்தாரா: 4. கடை கொடுத்திருக்கிற வரவேற்பு வசனத்தைச் சொன்னாரா: 4. போகும்போது நன்றி சொன்னாரா: 4. முதல், ரெண்டாவது, நாலாவது எல்லாம் ஆம். மூன்றாவதில்தான் சிக்கல். கடை கொடுத்திருக்கிற வசனம் "ஆயுபோவன்" என்று தொடங்கி, ஆங்கிலத்தில் கடையின் பெயரோடு முடிகிறது. தமிழில் ஒரு வசனம் கொடுக்கப்படவே இல்லை. எங்களுக்குக் கிடைத்ததிலே மிகவும் மனசுக்கு நெருக்கமான வரவேற்பு, படிவத்தின்படி பூச்சியம்.

1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. ஆனால் அது அரசைப் பற்றினது. தனியார் கடையின் வரவேற்பு வசனத்தை அது எழுதப்போவதில்லை. தோட்டத்திலிருந்தும், அக்குறணைப் பக்கத்திலிருந்தும், டவுனுக்குள்ளேயிருந்தும் எத்தனை தமிழ் பேசுகிற சனம் இந்த வாசலால் வருகிறது? அவர்களோடு எந்த மொழியில் பேசினார்கள் என்று கேட்க படிவத்தில் ஒரு வரிகூட இல்லை. கேட்காத கேள்விக்குப் புள்ளி இல்லை. புள்ளி இல்லாததை எந்தக் கடையும் பழக்காது.

அடுத்தது பொருளறிவு. எங்களுக்குக் கொடுத்த பொருள் ரைஸ் குக்கர். பார்க்க வேண்டும், விசாரிக்க வேண்டும், வாங்கத் தேவையில்லை. நாங்கள் 1.8 லீட்டர் ஒன்றைக் காட்டி "இது நல்லதா?" என்று கேட்டோம்.

"வீட்டுல எத்தன பேர்?"

"நாலு பேர்."

"அப்ப இது பெருசு. இதுல போட்டிருக்கிற 1.8 லீட்டர் சோறு இல்ல, அரிசி. உள்ளுக்கு ஒரு சின்ன கப் இருக்கும் பாருங்க, 180 மில்லி. அதால பத்துக் கப் அரிசி போடலாம். நாலு பேருக்கு 1 லீட்டரே போதும்."

ஐந்து வருஷம் வீட்டில் சோறாக்கிய எங்களுக்கே அது தெரியாது. வொரன்டி பற்றிக் கேட்டபோது, ஒரு வருஷம் என்று சொல்லிவிட்டு அதோடு விடவில்லை. "பில்லு இல்லாம வந்தா ஒண்ணும் செய்ய ஏலாது. இந்தக் கடுதாசி கொஞ்ச நாள்ல மங்கிப்போயிரும். இப்பவே போட்டோ எடுத்து வச்சுக்கங்க." சூட்டில் அச்சாகிற பில் அப்படித்தான் மங்கும்.

தேவையைக் கேட்டாரா: 10. ரெண்டு அம்சத்தைச் சரியாக விளக்கினாரா: 10. வொரன்டி சொன்னாரா: 5. மூன்றுக்கும் ஆம். கடைசிக் கேள்வி, "கூடுதலாக ஒரு பொருளையோ, விலை கூடின பொருளையோ பரிந்துரைத்தாரா?": 5. இல்லை. அது செய்தது நேர்மாறு. விலை கூடினதைக் கேட்டவர்களுக்கு விலை குறைந்ததே போதும் என்று சொன்னது. பொருளறிவு என்ற தலைப்புக்குக் கீழே விற்பனைக் கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது. இந்த 5 போனால் அந்தப் பிள்ளைக்குப் பொருள் தெரியாது என்று அர்த்தம் இல்லை. ஆனால் மேலதிகாரியின் மேசைக்கு "பொருளறிவு 25/30" என்றுதான் போகும்.

பிறகு வாங்குவதற்கு ஒரு சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தோம். ராக்கையில் 450 ரூபா என்று போட்டிருந்தது. 4.24க்குக் கியூவில் நின்றோம். மூன்று கவுண்டர், திறந்திருந்தது ஒன்று. எங்கள் பொருள் மெஷினில் "பீப்" என்றது 4.31க்கு. படிவம் தருகிற நேரம் 5 நிமிஷம். எங்களுக்கு 7.

திரையில் விழுந்த விலை 490.

"ராக்கையில 450 போட்டிருந்திச்சே" என்றோம். காஷியர் அக்கா முகம் மாறியது. சுப்பர்வைசரைக் கூப்பிட்டார். அவர் வந்து பார்த்துவிட்டு, ஒஃபர் நேற்று ராத்திரியோடு முடிந்தது, சீட்டைக் கழற்ற மறந்துவிட்டார்கள் என்றார். விலையைக் குறைக்க அவர் தன் கோடைப் போட வேண்டும். பின்னால் கியூவில் ஆறு பேர். எங்களுக்குக் கொடுத்திருக்கிற கட்டளை, வாக்குவாதம் செய்யாதே, நடந்ததை எழுது. 490 கொடுத்துவிட்டு வந்தோம். நீங்கள் சும்மா வாடிக்கையாளராகப் போனால் அப்படி விட்டுவிடத் தேவையில்லை. போட்டிருக்கிற விலைக்குக் கேட்கலாம். சீட்டையும் பில்லையும் படமெடுத்துக்கொண்டு நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பில்லுக்கான கணக்கு இப்படி. காத்திருந்த நேரம்: 8க்கு 0. ராக்கை விலையும் பில் விலையும் ஒன்றா: 8க்கு 0. மொத்தத்தை வாயால் சொன்னாரா: 4. லோயல்டி கார்ட் கேட்டாரா: 5. மிச்சக் காசையும் பில்லையும் கையில் தந்தாரா: 5. ஆக 14/30. இந்தப் பகுதிக்கு மேலே ஒரு கட்டம் இருக்கிறது, அதில் காஷியரின் பெயரை எழுத வேண்டும். ரெண்டு கவுண்டரை மூடி வைத்தவரின் பெயருக்குக் கட்டம் இல்லை. சீட்டைக் கழற்ற மறந்தவரின் பெயருக்கும் இல்லை. அந்த அக்கா நாங்கள் பார்த்த நேரமெல்லாம் நின்றபடியே வேலை செய்தார். தமிழ்நாட்டில் 2021இல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டத்தையே திருத்தினார்கள். எங்கள் படிவத்தில் நாற்காலிக்கும் கட்டம் இல்லை.

கடைசி, சுத்தம். வாசல், ராக்கை, நடைபாதை, உடுப்பு போட்டுப் பார்க்கிற அறை. ஒவ்வொன்றுக்கும் 5. ராக்கையில் விரலை வைத்துப் பார்த்தோம், தூசி இல்லை. நடைபாதையில் பெட்டி எதுவும் வழியை மறிக்கவில்லை. வாசலுக்கு 0, ஏனென்றால் கேள்வி "தரை உலர்ந்திருந்ததா?" என்பது. மழை விட்ட அரை மணித்தியாலத்தில் கண்டியில் எந்தக் கடையின் வாசல் உலர்ந்திருக்கும்? கேட்க வேண்டிய கேள்வி, துடைக்க ஆள் வந்தாரா, வழுக்கும் என்று மஞ்சள் பலகை வைத்தார்களா என்பது. பலகை வைத்திருந்தார்கள். நாங்கள் இருந்த நேரத்துக்குள்ளே ஒருவர் ரெண்டு தடவை துடைத்தார். அதையெல்லாம் விளக்கப் பெட்டியில் எழுதினோம். அறை திருத்த வேலைக்காகப் பூட்டியிருந்தது. அதற்கு "பொருந்தாது" என்று போட்டோம்.

இந்தப் "பொருந்தாது" பெரிய விஷயம். முதல் றிப்போர்ட்டில் இப்படி ஒரு கேள்விக்கு நாங்கள் "இல்லை" என்று போட்டிருந்தோம். அது தப்பு. பார்க்க முடியாத ஒன்றுக்குப் பூச்சியம் போட்டால் கடையைத் தண்டிக்கிறோம். சரியான முறை, அந்த 5ஐ மொத்தத்திலிருந்தே கழிப்பது. அப்போது கடை 100க்கு இல்லை, 95க்கு.

கூட்டிப் பாருங்கள். வரவேற்பு 16, பொருளறிவு 25, பில் 14, சுத்தம் 10. மொத்தம் 65. 95க்கு 65 என்றால் 68 வீதம். அறையையும் பூச்சியமாகப் போட்டிருந்தால் 65 வீதம். எப்படிப் பார்த்தாலும் அந்த அக்கா சொன்ன 80க்குக் கீழே.

அன்று இரவே, வீட்டுக்கு வந்து ரெண்டு மணித்தியாலத்துக்குள், போன இடத்துக் குறிப்பெல்லாம் சூடாக இருக்கும்போதே எழுதினோம். எழுதிவிட்டு, போன புள்ளிகளை மட்டும் தனியாக ஒரு தாளில் எடுத்துப் பார்த்தோம். 30 புள்ளி போயிருக்கிறது. வரவேற்பு வசனம் 4, கூடுதல் பொருள் 5. இந்த 9 மட்டும்தான் நாங்கள் பார்த்த ஊழியர்களின் கையில் இருந்தது. கியூ 8, விலைச் சீட்டு 8, ஈர வாசல் 5. இந்த 21 ஆட்களை எப்படிப் போடுகிறார்கள், ஒஃபர் முடிந்ததும் சீட்டை மாற்றுவது யார் பொறுப்பு, வானம் என்ன செய்தது என்பதில் போனது. அந்த 21 போகாமல் இருந்திருந்தால் கடை 90 வீதம் தாண்டியிருக்கும். ஒரே விசிட், ஒரே கடை. 68 என்று எழுதினால் "ஊழியர்களுக்குப் பயிற்சி போதாது" என்று வாசிப்பார்கள். உடைத்து எழுதினால் "சனிக்கிழமை பின்னேரம் இன்னொரு கவுண்டரைத் திற" என்று வாசிக்கலாம்.

அதுகூட ஒரே ஒரு சனிக்கிழமை. இன்னொரு நாள், இன்னொரு நேரம் போயிருந்தால் கியூவே இருந்திருக்காது. ஒரு விசிட் ஒரு போட்டோ மாதிரி. வேறு வேறு நேரத்தில் நாலைந்து தடவை போய் எடுத்ததை அடுக்கிப் பார்த்தால்தான் அந்தக் கடையின் பழக்கம் தெரியும். ஒரு போட்டோவை வைத்து ஒருவரின் காசை வெட்டுவது அளவீடு இல்லை, அதிர்ஷ்டச் சீட்டு.

புள்ளியை நாங்கள் கூட்டிப் போடவில்லை. அதை அழுத்திச் சொல்ல வேண்டும். பாவம் என்று 0ஐ 4 ஆக்கினால், அடுத்த தடவை நாங்கள் எழுதுகிற எதையும் நம்பத் தேவையில்லை. கியூ 7 நிமிஷம் என்பதும் பொய் ஆகிவிடும். நாங்கள் செய்ய முடிந்தது, ஒவ்வொரு 0க்கும் பக்கத்தில் பார்த்ததை மட்டும், நேரத்தோடு, எழுதுவது. "மூன்று கவுண்டரில் ஒன்று திறந்திருந்தது, 4.24 முதல் 4.31 வரை." "சுப்பர்வைசர் சொன்னபடி ஒஃபர் முந்தைய இரவோடு முடிந்தது, சீட்டு அகற்றப்படவில்லை." "1.8 லீட்டர் கேட்டோம், வீட்டில் நாலு பேர் என்றதும் 1 லீட்டரைக் காட்டினார்."

ரெண்டு நாளில் கொம்பனியிலிருந்து ஒரு கேள்வி வந்தது. றிப்போர்ட்டைச் சரிபார்க்கிறவர்கள் அப்படிக் கேட்பார்கள். வரவேற்பில் மூன்றாவது கேள்விக்கு 0 போட்டிருக்கிறீர்கள், ஆனால் வரவேற்பு நன்றாக இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஊழியர் சொன்ன சரியான வார்த்தைகள் என்ன?

ஆங்கிலப் படிவம். பெட்டிக்குள்ளே முதலில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எழுதினோம். பிறகு அதை அழித்துவிட்டு, போனில் தமிழ்க் கீபோர்டை எடுத்து, அது சொன்னதை அப்படியே அடித்தோம்.

"வாங்க, மழையில நனைஞ்சிட்டீங்களா?"

புள்ளி 0 என்பதை மாற்றவில்லை. கீழே ஒரு வரி மட்டும் சேர்த்தோம்: இந்த வசனத்துக்குத் தமிழில் ஒன்று கொடுத்திருக்கிறீர்களா?